புதன்கிழமை வரை அவகாசம்

கோகிலாவைத் தொழிற்சாலையில் எல்லோரும் "பிளாஸ்டிக் கோகிலா" என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாகச் சொல்வதில்லை. பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் மின்சார ப்ளக்குகளுக்கு உறை செய்யும் அந்தத் தொழிற்சாலைக்குள் உருக்கி அச்சில் வார்க்கிற பிளாஸ்டிக் மணியில் எந்த நிறம் எத்தனை மூட்டை இருக்கிறது, எத்தனை நாளைக்குக் காணும், எந்தக் கப்பலில் அடுத்தது வருகிறது என்று கேட்டால், கணினியைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். பதினோரு வருடம் அதே நாற்காலி. அவளுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் ஜொகூருக்குப் போய் மேனேஜராகிவிட்டார்கள். அவள் மட்டும் காஜா பேராங் வீட்டிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அம்மா பொன்னம்மாவைத் தனியே விட்டுவிட்டு வெளியூர் போக அவளுக்கு மனம் வரவில்லை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றுபோனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. யாராவது கேட்டால், "அது அப்படியே போச்சு லா," என்று சிரித்துவிட்டுத் தேநீரைக் குடிப்பாள்.

போக வர ஜெயபாலனின் கார்தான். கொள்முதல் பிரிவில் இருந்த ஜெயபாலன் அவளைவிட ஐந்து வயது மூத்தவன். இரண்டு சந்து தள்ளி வீடு. ஆறு வருடமாக ஏழே முக்காலுக்கு வாசலில் வந்து ஒரு முறை ஹாரன் அடிப்பான். அவனை அவள் "அண்ணே" என்பாள்; அவன் மனைவி சந்திரமதியை "அண்ணி". கூடப் பிறந்தவர்கள் இல்லாத கோகிலாவுக்கு அந்த இரண்டு சொல்லும் வெறும் மரியாதைக்கு இல்லை. தீபாவளிக்கு அவர்கள் மகன் துகிலனுக்குச் சட்டை எடுக்காமல் அவள் தனக்குச் சேலை எடுத்ததில்லை.

2019 செப்டம்பர். புகைமூட்டம் ஊரை மூடியிருந்த மாதம். ஆயர் குரோவில் பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் கடைகளுக்கு அனுப்பும் ஒரு பெரிய நிறுவனம், சரக்குத் திட்டமிட ஆள் தேவை என்று விளம்பரம் போட்டிருந்தது. கோகிலா மனுப் போட்டாள். தொலைபேசியில் ஒரு முறை பேசினார்கள். பிறகு அந்தப் புதன்கிழமை, ஆள் எடுக்கும் மேலாளர் புவான் (திருமதி) ரோஸ்னாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: இணைப்பில் 2017, 2018 இரண்டு வருட விற்பனைக் கணக்கு இருக்கிறது, அதை வைத்து வரும் 2020ஆம் ஆண்டுக்கு மாதாமாதம் எவ்வளவு விற்கும், எப்போது எவ்வளவு சரக்கு வரவழைக்க வேண்டும் என்று திட்டம் போட்டு, ஏன் அப்படி என்பதை ஐந்து பக்கத்துக்குள் விளக்கி, திங்கட்கிழமை நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும்.

இந்தச் செய்தியை அவள் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். மறுநாள் காலை காரில்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆயர் குரோ கம்பெனிக்காரங்க அசைன்மென்ட் கொடுத்திருக்காங்க. திங்கக்கிழமைக்குள்ள அனுப்பணும்."

"நல்ல செய்திதானே! நான் யார்கிட்டமா சொல்லப்போறேன்?" என்றான் ஜெயபாலன். "அந்த விளம்பரத்த நானும் பாத்தேன். உனக்குத்தான் அது சரிப்படும்."

அன்று மத்தியானமே அந்தச் செய்திமேல் மண் விழுந்தது. அடுத்த மாதம் வருவதாக இருந்த ஜப்பானிய வாடிக்கையாளர் ஆடிட்டுக்குச் செவ்வாய்க்கிழமையே வருகிறார் என்று மேனேஜர் ராஜரத்தினம் அறிவித்தார். ஒன்றரை வருடக் கோப்புகளை அடுக்க வேண்டும். எந்த மூட்டை எப்போது வந்தது, எந்த அச்சுக்குப் போனது, எந்தப் பெட்டியில் வெளியே போனது என்று ஒரு நூல் அறாமல் காட்ட வேண்டும். சரக்குப் பக்கம் கோகிலாவின் பொறுப்பு. அந்தச் சரக்கை விற்கும் கம்பெனிகளின் அங்கீகாரத் தாள்கள் ஜெயபாலனின் பொறுப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாராவது வந்தே ஆக வேண்டும்.

கோகிலாவின் முகத்தைப் பார்த்து ஜெயபாலனே சொன்னான். "கவலப்படாத. வெள்ளிக்கிழமை உன் பக்கத்த எவ்வளவு முடியுமோ முடிச்சிடு. சனி, ஞாயிறு நான் வந்து மிச்சத்தையும் சேத்துப் பாத்துக்கிறேன். நீ வீட்ல உக்காந்து அசைன்மென்ட்ட செய்."

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே அவன் கேட்டான். "கணக்கப் பாத்தியா? எப்படிப் போடப்போற?"

ஆசையாக யாராவது கேட்டால் கோகிலா எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். கைதுடைக்கும் தாளில் கோடு போட்டே காட்டினாள். "இங்க பாருங்கண்ணே. முத வருஷம் ஜனவரில விற்பன ஏறியிருக்கு. ரெண்டாவது வருஷம் பிப்ரவரில ஏறியிருக்கு. பாக்கறவங்க ரெண்டையும் சேத்துச் சராசரி எடுத்துடுவாங்க. அப்படி எடுத்தா ரெண்டு மாசமும் மொண்ணையாயிடும். உண்மையில அது சீனப் புத்தாண்டு. ஒரு வருஷம் ஜனவரி கடைசில வந்துச்சு, அடுத்த வருஷம் பிப்ரவரி நடுவுல. மாசத்தப் பாக்கக் கூடாது, பெருநாளத்தான் பாக்கணும். வர்ற வருஷம் திரும்பவும் ஜனவரிக்குப் போகுது. அப்படின்னா சரக்க நவம்பர்லயே சொல்லிடணும்."

"அட," என்றான் ஜெயபாலன். அந்தத் தாளை அவன் எடுத்து மடித்ததைக் கோகிலா பார்த்தாள். குப்பையில் போடத்தான் எடுக்கிறான் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவனிடமிருந்து வாட்சாப் செய்தி: துகிலனுக்கு நல்ல காய்ச்சல், புகை ஒத்துக்கொள்ளவில்லை போல, கிளினிக் போக வேண்டும், மன்னிச்சிக்கோ. கோகிலா மடிக்கணினியை மூடினாள். கிராப் வாடகைக் கார் பிடித்துத் தொழிற்சாலைக்குப் போனாள். தன் கோப்புகளோடு அவன் கோப்புகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதினோரு மணி வாக்கில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த இரண்டு நாளும் இப்படியே போய்விடும். திங்கட்கிழமை விடுப்புக் கிடைக்காது. நண்பகலுக்குள் அனுப்பினால் அரைகுறையாகத்தான் அனுப்ப முடியும்.

அவனைத்தான் அழைத்தாள். "அண்ணே, துகிலன் எப்படி இருக்கான்? சரி, சரி. நான் ஒண்ணு யோசிச்சேன். ரெண்டு நாள் டைம் கேட்டு இமெயில் போடட்டுமா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "வேணாம்மா. டைம் கேட்டா, இந்த ஆளுக்கு வேலைய முடிக்கத் தெரியலைன்னு நினைச்சிடுவாங்க. பேரு கெட்டுப் போயிடும். முடிஞ்சா அனுப்பு. இல்லன்னா இந்தத் தடவ விட்டுடு. வேற சான்ஸ் வராமலா போகும்?"

கோகிலா அண்ணன் பேச்சை எப்போதும் கேட்பவள்தான். ஆனால் சரக்கு வேலையில் அவள் கற்ற முதல் பாடம், கப்பல் தாமதமாகும் என்று தெரிந்த அன்றே அச்சுப் பிரிவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது. வராத சரக்கைக்கூட மன்னித்துவிடுவார்கள், சொல்லாமல் விட்டவரை மன்னிக்க மாட்டார்கள். அதே நியாயம் இங்கேயும் செல்லும் என்று அவளுக்குத் தோன்றியது. கேன்டீன் மேசையில் உட்கார்ந்து, கம்பெனி முகவரியிலிருந்து இல்லாமல் தன் சொந்த முகவரியிலிருந்து, கைத்தொலைபேசியில் எழுதினாள்.

நான்கு முறை எழுதி அழித்தாள். முதல் தடவை எழுதியதில் பாதி மன்னிப்பாக இருந்தது. இரண்டாவதில் ஆடிட், ஜப்பான்காரர், கோப்பு என்று முழுக் கதையும் வந்துவிட்டது. வேலை பார்க்கும் இடத்தின் உள்விஷயத்தை வெளியே சொல்வது சரியில்லை என்று அதை எடுத்தாள். கடைசியில் நின்றது ஏழே வரி. இந்த வாய்ப்புக்கு நன்றி. இப்போது வேலை செய்யும் இடத்தில் முன்கூட்டித் தெரியாத ஒரு பொறுப்பு இந்த வார இறுதியில் வந்து சேர்ந்துவிட்டது. கணக்கைப் படித்துத் தரவைச் சரிபார்த்துவிட்டேன். திட்டமும் விளக்கமும் மீதி. திங்கள் நண்பகலுக்குப் பதிலாக புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப அனுமதிப்பீர்களா? உங்கள் அட்டவணைக்கு அது ஒத்துவராது என்றால், முடிந்ததைத் திங்களன்றே அனுப்பிவிடுகிறேன். புரிந்துகொள்வதற்கு நன்றி. கீழே பெயரும் தொலைபேசி எண்ணும்.

அனுப்பு என்பதை அழுத்திய பிறகு, யாரோ ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்பது போல அவளுக்கு இருந்தது.

ஞாயிறும் தொழிற்சாலையில்தான் போனது. மாலையில் வீட்டுக்கு வந்ததும், அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே பச்சரிசிக் கஞ்சி வைத்தாள். தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஜெயபாலன் வீட்டுக்கு நடந்தாள். சந்திரமதி வெளிக்கேட்டைப் பாதி திறந்து நின்றாள்.

"எப்படிண்ணி இருக்கான்?"

"இப்பத்தான் தூங்கினான்," என்றாள் சந்திரமதி, தூக்கை வாங்கிக்கொண்டு. "மருந்து கொடுத்திருக்கு. நீ ஏன்மா இதெல்லாம் செய்யற, களைச்சுப்போய் வந்திருப்ப."

"நான் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுப் போறேனே."

"வேணாம், வேணாம். உனக்கு ஒட்டிக்கும்."

கோகிலா திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஹாரன் கேட்டது. பத்து பெரெண்டாம் சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. புகையில் எதிரே வருகிற லாரிகளின் விளக்கு மட்டும் தெரிந்தது. ஜெயபாலன் களைப்பாக இருந்தான். பிள்ளையோடு இரவெல்லாம் விழித்திருப்பான் என்று கோகிலா நினைத்துக்கொண்டாள்.

எட்டு மணி தாண்டி அவள் கைத்தொலைபேசி அதிர்ந்தது. புவான் ரோஸ்னா. "முன்கூட்டியே கேட்டதற்கு நன்றி. புதன்கிழமை மாலை ஐந்து மணி வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் அவகாசம் கொடுப்பது நியாயமாகாது என்பதால், உங்கள் பெயரைச் சொல்லாமல், தேர்வில் இருக்கும் எல்லோருக்கும் இதே நேரத்தை அறிவிக்கிறேன். கவலை வேண்டாம்."

"கிடைச்சிருச்சுண்ணே!" என்றாள் கோகிலா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "புதன்கிழமை வரைக்கும் டைம் கொடுத்துட்டாங்க!"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் தொலைபேசி மறுபடி அதிர்ந்தது. எல்லோருக்குமான அறிவிப்பு. அதே நொடியில், வழி பார்ப்பதற்காக ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த ஜெயபாலனின் தொலைபேசியும் ஒளிர்ந்தது. அனுப்பியவர் பெயர்: ரோஸ்னா. அதன் கீழே, அவள் கையில் இருந்த அதே தலைப்பு. அசைன்மென்ட், புதிய கடைசி நேரம், புதன்கிழமை.

அவன் கை வேகமாகப் போய் அதைக் கவிழ்த்தது. ஆனால் அதற்குள் அவள் இரண்டு முறை படித்துவிட்டாள்.

முன்னே நின்ற லாரி நகர்ந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். ஜெயபாலன் வண்டியை எடுத்தான்.

"நீங்களும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள் கோகிலா.

"போட்டா தப்பா?" என்றான் அவன், சாலையைப் பார்த்துக்கொண்டே. "விளம்பரம் எல்லாருக்கும்தானே. எனக்கும் குடும்பம் இருக்கு. நாப்பத்திரண்டு வயசாச்சு. இன்னும் எத்தன வருஷம் இங்கயே உக்காந்திருக்கிறது?"

"போட்டது தப்பில்லண்ணே."

அவன் கியரை மாற்றினான்.

"துகிலனுக்குக் காய்ச்சலா?"

கவிழ்த்து வைத்த தொலைபேசியை அவன் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"நான் உங்க கோப்ப அடுக்கிக்கிட்டு இருந்தப்ப, நீங்க வீட்ல உக்காந்து அத செஞ்சிக்கிட்டு இருந்தீங்களா?"

"கோகிலா, நீ இத இவ்வளவு பெருசா..."

"கேன்டீன்ல நான் போட்டுக் காட்டின தாளு? அதும் உங்ககிட்டதான் இருக்கா?"

ஜெயபாலனின் காது சிவந்தது. அது போதுமாக இருந்தது. அவள் நினைப்பில் வந்து நின்றது அந்த அசைன்மென்ட் இல்லை. பாதி திறந்த கேட்டும், இரண்டு கையாலும் கஞ்சியை வாங்கிக்கொண்ட சந்திரமதியும்தான். அந்தக் கஞ்சியை யார் குடித்திருப்பார்கள் என்று யோசித்தாள். மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இங்கயே நிறுத்துங்க."

"நடு ரோட்லயா? பைத்தியமா உனக்கு?"

"நிறுத்துங்க."

பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் அவன் ஓரம் கட்டினான். மீதி தூரத்தை அவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தே போனாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாகத் தாமதமாக வருகைக் கருவியில் கைரேகை வைத்தாள்.

அன்று அவள் மேசையில் ஜெயபாலனின் கோப்புகள் மூன்று கிடந்தன. சனிக்கிழமை அடுக்கும்போதே ஒன்றைக் கவனித்திருந்தாள்: ஒரு சாயக் கம்பெனியின் அங்கீகாரத் தாள் காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. புதிய தாளைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டியவன் அவன். திங்கட்கிழமை காலையில் அந்தக் கம்பெனியோடு தானே பேசி வாங்கிவிடலாம், அண்ணனுக்கு ஏற்கெனவே பிள்ளைத் தொல்லை என்று வேறு நினைத்து வைத்திருந்தாள். இப்போது அந்தத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்படியே கோப்புக்குள் விட்டால் நாளைக்கு ஜப்பானியர் கண்ணில் படும். ராஜரத்தினத்துக்கு முன்னால் அவன் தலை குனிவான்.

கை அந்தக் கோப்பை மூடவும் செய்தது. பிறகு திறந்தாள். மஞ்சள் ஒட்டுத்தாளில் "இது காலாவதி, இன்றே வாங்க வேண்டும்" என்று எழுதி ஒட்டி, மூன்று கோப்புகளையும் தூக்கிக்கொண்டு போய் அவன் மேசையில் வைத்தாள்.

"இது உங்க வேல," என்றாள். "மிச்சமும் உங்களோடதுதான்."

அவனைக் காப்பாற்றுவதற்காக அதைச் செய்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆடிட் தொழிற்சாலைக்கு வருகிறது; அதில் தோற்றால் அச்சுப் பிரிவில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஓவர்டைம் சம்பளம் போய்விடும். அவ்வளவுதான். அவன் அன்று ஆறு மணி வரை சாயக் கம்பெனியோடு தொலைபேசியில் மல்லாடிக்கொண்டிருந்தான்.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கோகிலா வீட்டு மேசையில் உட்கார்ந்தாள். சீனப் புத்தாண்டைப் பற்றிய பக்கத்தைத் திறந்ததும் விரல் ஓடவில்லை. இதே வரிகள் இன்னொருவன் பெயரில் அங்கே ஏற்கெனவே போயிருக்கும். அழித்துவிடலாமா என்று நினைத்தாள். பொன்னம்மா சமையலறையிலிருந்து, "சாப்பிட்டுட்டு எழுதேன்டி," என்றார். "இரும்மா," என்றாள். அழிக்கவில்லை. அது அவளுடையது, அவன் எடுத்ததால் அது அவனுடையது ஆகிவிடாது.

கணக்கை மறுபடி முதலிலிருந்து பார்த்தபோதுதான் ஜூன் மாதம் கண்ணில் தட்டுப்பட்டது. இரண்டு வருடமும் ஜூனில் குளிர்பானம் ஏறியிருந்தது. அவசரத்தில் பார்த்தால் ஜூனில் எப்போதும் ஏறும் என்றுதான் தோன்றும். ஆனால் அது நோன்புப் பெருநாள். அது ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். ஒரு வருடம் ஜூன் கடைசி, மறு வருடம் ஜூன் நடு. 2020இல் மே மாதத்திலேயே வந்துவிடும்! ஜூனுக்கென்று சரக்கு வரவழைத்தால், பெருநாள் முடிந்த பிறகு கிடங்கில் மலையாகக் குவிந்து கிடக்கும். கோகிலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திட்டத்தின் பாதியை மாற்றி எழுதினாள். மூன்று மணி இருபதுக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் சாப்பிட்டாள். சோறு ஆறிப்போயிருந்தது.

அடுத்த வாரம் நேர்காணல். புவான் ரோஸ்னா ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைத் முக்காட்டுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். மலாயில்தான் பேசினார்கள். நோன்புப் பெருநாள் பக்கத்தை அவர் இரண்டு முறை புரட்டினார்.

"இதை நீங்கள் ஒருவர்தான் பார்த்திருக்கிறீர்கள்," என்றார். "சீனப் புத்தாண்டை இன்னொருவரும் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட உங்கள் வார்த்தையிலேயே. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

நாக்கு நுனி வரை பெயர் வந்தது. சொன்னால் என்ன? பொய் இல்லையே. ஆனால் சொன்னால், தாள், கேன்டீன், காய்ச்சல், கஞ்சி என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பெண் முன்னால் அதையெல்லாம் விரித்துப்போட அவளுக்குக் கூசியது.

"தெரியும்," என்றாள். "என்னிடம் கேட்டார், சொன்னேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை, புவான்."

புவான் ரோஸ்னா தாளைத் திருப்பிக்கொண்டார். கிளம்பும்போது கோகிலாவே கேட்டுவிட்டாள்: நேரம் கேட்டது தனக்குக் கெடுதலாக முடிந்ததா?

"இல்லவே இல்லை," என்றார் அவர். "வேலையில் இருப்பவர்களுக்கு வேலை வரத்தான் செய்யும். நீங்கள் இரண்டு நாள் முன்னாலேயே கேட்டீர்கள், எந்த நேரம் என்று தெளிவாகச் சொன்னீர்கள். சொல்லாமல் தாமதிப்பவர்களிடம்தான் எனக்குச் சங்கடம்."

வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஜெயபாலனுக்கும் கிடைக்கவில்லை. அந்த நிறுவனத்தின் ஷா ஆலம் கிளையிலிருந்த ஒருவரையே மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். வருத்தம் தெரிவித்து புவான் ரோஸ்னா எழுதிய மின்னஞ்சலைக் கோகிலா பேருந்தில் வைத்துப் படித்தாள். மனம் பெரிதாக ஒன்றும் வலிக்கவில்லை. வலிக்க வேண்டியது முன்பே வலித்துவிட்டது.

அன்று ஜெயபாலன் பால் விடாத தே ஓ இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

"ரெண்டு பேருக்குமே இல்லன்னு ஆயிடுச்சு," என்றான், லேசாகச் சிரித்து. "இதுக்குப் போயி ஆறு வருஷப் பழக்கத்த விட்றதா? நாளைலேர்ந்து கார்ல வா லா."

அவன் அப்படிப் பேசியதுதான் அவளை அதிகம் சுட்டது. வேலை கிடைத்திருந்தால்தான் அது தப்பு, கிடைக்காததால் ஒன்றுமே நடக்கவில்லை என்பது போல.

"அண்ணே," என்றாள். பழக்கத்தில் அந்தச் சொல் வந்துவிட்டது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. "எங்கிட்ட நேரா வந்து, நானும் போடறேன், உனக்குத் தெரிஞ்சத சொல்லுன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியும்," என்றான் கடைசியில்.

"அப்பறம் ஏன்?"

அவன் தேநீரை வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை.

சந்திரமதியை ஒரு முறை ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு மளிகைக்கடையில் நேருக்கு நேர் பார்த்தாள். துகிலன் அம்மாவின் கையைப் பிடித்திருந்தான். "கோகி அத்தே!" என்று ஓடி வந்தான். கோகிலா குனிந்து அவன் தலையைத் தடவினாள். நிமிர்ந்தபோது சந்திரமதி பருப்புப் பொட்டலத்தின் விலையை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளாக வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கோகிலா காத்து நின்றாள். சந்திரமதி படித்து முடிக்கவே இல்லை.

இது நடந்து ஒன்றரை வருடம் கழித்து, கோகிலாவுக்கு ஆயர் குரோவிலேயே வேறொரு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அந்தத் தடவை அம்மாவைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. ராஜரத்தினம் எல்லோரையும் கூட்டி அறிவித்தபோதுதான் ஜெயபாலனுக்கே தெரிந்தது. கூட்டம் கலைந்த பிறகு வாசலில் நின்று, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா உனக்கு?" என்று கேட்டான். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று எப்போதோ நினைத்திருந்தாள். வரவில்லை.

புதிய இடத்தில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண், நல்ல மாதிரி. மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். கணக்கில் ஏதாவது சிக்கல் என்று அந்தப் பெண் கேட்டால், கோகிலா ஆசையாகப் பேனாவை எடுப்பாள். எடுத்துவிட்டு ஒரு கணம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள். அதன் பிறகுதான் கோடு போடத் தொடங்குவாள்.